கன்னத்து மச்சம் இல்லாத விசா போட்டோ

மாலதி:
என் விசா போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படம் மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒரே வரிதான் காரணம். நான் எந்த ஆப்பிலும் போட்டு எடுக்கவில்லையே என்று கோபம் வந்தது. அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கன்னத்து மச்சமும் இல்லை, தாடைக்குக் கீழே இருந்த தையல் தழும்பும் இல்லை. போனின் முன்பக்க கேமராவில் பியூட்டி மோட் ஏற்கெனவே ஆனில் இருந்திருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

செல்வம்:
மச்சம் போனதற்கெல்லாம் திருப்ப மாட்டார்கள். முகத்தை ஒப்பிடும் மெஷின் கண், மூக்கு, வாய் இருக்கும் இடத்தைத்தான் பார்க்கிறது. நான் கருவளையத்தை அழித்துத்தான் கொடுத்தேன், பாஸ்போர்ட் வந்துவிட்டது.

தேவகி:
ஆவணச் சரிபார்ப்பில் பல வருடம் இருந்தேன். செல்வம் சொல்வது பாதி சரி. கண்ணைப் பெரிதாக்குவது, தாடையை ஒல்லியாக்குவது இரண்டும்தான் மெஷினை அதிகம் குழப்பும். பாஸ்போர்ட் சிப்பில் இருப்பது இந்தப் படம்தான். விமான நிலையத்துத் தானியங்கி கேட்டில் நேரில் நிற்கும் முகத்தை அதோடுதான் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் ஆளிடம் அனுப்புவார்கள். அந்த ஆள் மச்சம், தழும்பு மாதிரி எளிதில் மாறாத அடையாளங்களையும் தேடுவார்.

இன்னொரு பயமும் உண்டு. இரண்டு பேர் முகத்தை ஒன்றாகக் கலந்து ஒரே படம் செய்தால், இருவருமே அந்த பாஸ்போர்ட்டில் கடந்துவிட முடியும். 2018-ல் ஜெர்மனியில் ஒரு ஆர்வலர் குழு இப்படிக் கலந்த படத்தைக் கொடுத்து பாஸ்போர்ட் வாங்கிக் காட்டியது. கலந்த இடத்தின் தடயத்தை மறைக்கவும் தோலை வழவழப்பாக்குவார்கள். அதனால் அழகுக்காகச் செய்த வழவழப்பையும் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

பாத்திமா:
என்னுடையது கண்ணாடிப் பிரச்சினை. லென்ஸில் வெளிச்சம் அடித்ததால் திருப்பினார்கள். அந்தப் பளபளப்பை அழித்துக் கொடுத்தேன், மறுபடியும் திருப்பினார்கள்! கண்ணாடியைக் கழற்றி எடுத்ததும் சரியாகிவிட்டது.

தேவகி:
பளபளப்புக்கு அடியில் இருந்த கண் கேமராவில் பதியவே இல்லை, பாத்திமா. அழித்த இடத்தில் வந்தது மென்பொருள் வரைந்த கண்.

மாலதி:
பியூட்டி மோடை அணைத்துவிட்டு நானே மறுபடி எடுத்தேன். இப்போது மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விட்டது! முன்பக்க கேமரா கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் சேமித்திருக்கிறது. கடைசியில் தம்பியை நாலைந்து அடி தள்ளி நிற்கச் சொல்லி, பின்பக்க கேமராவில் எடுத்தோம். முதலில் கதவு நிலை பின்னால் தெரியும்படி ஒரு சோதனைப் படம். கன்னத்துப் பக்கம் நிலை வளைந்திருந்தால் போன் முகத்தைச் சுருக்குகிறது என்று அர்த்தம். வளையவில்லை. புருவ முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அதன் பிறகுதான் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றேன்.

செல்வம்:
சரி, பின்னணியை மட்டும் வெள்ளையாக மாற்றினால்? முகத்தைத் தொடவில்லையே.

தேவகி:
அளவுக்கு வெட்டுவதில் சிக்கல் இல்லை. பின்னணியில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு, அந்த விண்ணப்பத்தின் விதியைத்தான் பார்க்க வேண்டும். வெட்டி ஒட்டும்போது முடியின் ஓரமும் காதின் விளிம்பும் சேர்ந்து போய்விடும். நானாக இருந்தால் வெள்ளைச் சுவரைத் தேடிப் போய் எடுப்பேன்.

செல்வம்:
எனக்கு இன்னும் அது அதிகக் கெடுபிடியாகத்தான் படுகிறது.