புதுப்பிப்பு: இட்லி தோசை மாவு லிட்டர் கணக்கு

"லிட்டர் 50க்கு மாவு விக்கிறேன், கையில ஏன் ஒண்ணும் நிக்கல?"

நான் கேட்டது இதுதான், ஒரு வாரம் எழுதி வச்சு பாத்துட்டேன். 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து, வெந்தயம், உப்பு, கரண்ட், கவர், என் கூலி 150 எல்லாம் சேத்து 520 ஆகுது. அரைச்சது 11 லிட்டர்னு அதால வகுத்து 47னு நெனச்சிட்டிருந்தேன். ஆனா கல்லுலயும் டிரம்லயும் ஒட்டிக்கிட்டது அரை லிட்டர், பேக் பண்றப்போ சிந்துனது இன்னொரு அரை, கடைல புளிச்சு கவர் உப்பி திரும்பி வந்தது 1 லிட்டர், ஆக காசானது 9 லிட்டர்தான், அடக்கம் கிட்டத்தட்ட 58!

கேட்டரிங் பண்ற அண்ணா சொன்னது பெரிய உதவி, பொங்குன மாவ லிட்டர்ல அளக்காதம்மா, காத்தையும் சேத்து அளப்ப, அரைச்ச உடனே அளந்து கட்டுன்னாரு. தண்ணி கூட்டுனா லிட்டர் கூடும்னு ஒருத்தர் சொன்னாரு, உளுந்துக்கு தெளிச்சு தெளிச்சு அரைச்சா சரிதான், அரிசில ஊத்துனா இட்லி தட்டையாயிடுது.

இப்போ கல்ல கழுவுன தண்ணிய கொட்டாம அடுத்த ஈடு அரைக்க ஊத்திக்கிறேன், விலை 68. ரெண்டு கடை ஒத்துக்கிச்சு, மூணாவது கடைக்காரர் இன்னும் பதில் சொல்லல.