ஒரே ஆர்டர், மூணு பெட்டி: எந்த டிராக்கிங் எண் எந்தப் பெட்டிக்கு?

கோமதி: பித்தளைச் சாமான் கடை. ஆர்டர் 1042-ல் ஒரு அண்டா, ஒரு ஜோடி குத்துவிளக்கு, பூஜைத் தட்டு செட். மூணு பெட்டியா அனுப்பினோம். மொத்தம் 11.6 கிலோ, மூணால வகுத்து ஒவ்வொரு லேபிளுக்கும் 3.9 கிலோ போட்டோம். கூரியர் பில் 15.5 கிலோவுக்கு வந்திருக்கு. எக்ஸெல்ல மூணு எண்ணும் ஒரே கட்டத்துல கமா போட்டு இருக்கு. எது எந்தப் பெட்டின்னு தெரியல.

செந்தில்: கமா வேண்டாம். டிராக்கிங் 1, 2, 3-னு மூணு காலம் போடுங்க, சரியாயிடும்.

தர்மா: எண்கள் பிரியும், ஆனா எடையும் அளவும் எங்கே போகும்? நாலாவது பெட்டி வந்தா இன்னொரு காலமா? பெட்டிக்கு ஒரு வரி போடுங்க: ஆர்டர் எண், பெட்டி (1/3, 2/3, 3/3), உள்ளே என்ன, நிறுத்த எடை, நீளம், அகலம், உயரம், டிராக்கிங் எண். ஆர்டர் எண் மூணு வரியிலும் திரும்ப வரட்டும்.

கோமதி, பெட்டி அளவு என்ன?

கோமதி: அண்டா 40×30×30 செ.மீ., 4.1 கிலோ. விளக்கு 25×20×20, 6.3 கிலோ. தட்டு 30×25×10, 1.2 கிலோ.

தர்மா: அப்போ பில் சரிதான். நிஜ எடை, பெட்டி அளவை வச்சுக் கணக்குப் போடற எடை, ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் கூரியர் பில் போடும். மூணு பக்கத்தையும் பெருக்கி 5000-ஆல வகுத்தா அண்டாவுக்கு 7.2 கிலோ வருது. உள்ளே காலி இடம்தான் அதிகம். விளக்குக்கு 2 தான் வருது, அதனால நிஜ எடை 6.3 நிக்கும். தட்டுக்கு 1.5. அரை கிலோ படியில மேலே ஏத்தினா 7.5, 6.5, 1.5, கூட்டினா உங்க 15.5.

எண்ணைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி. பில்லில் ஒவ்வொரு எண்ணுக்கும் எடை தனியா இருக்கும். 7.5 இருக்கிற எண் அண்டா. நிறுத்த எடை D-யிலும் அளவுகள் E, F, G-யிலும் இருந்தா:

```
=CEILING(MAX(D2, E2*F2*G2/5000), 0.5)
```

டிராக்கிங் காலத்தை முதல்லயே Text ஆக்கிடுங்க. இல்லேன்னா 12 இலக்க எண் 1.23E+11 மாதிரி தெரியும், முன்னால இருக்கிற பூஜ்யம் போயிடும். 15 இலக்கத்துக்கு மேல இருந்தா மிச்ச இலக்கமெல்லாம் பூஜ்யமாவே மாறிடும், திரும்பக் கிடைக்காது.

லேபிள் மாறுறது பேக்கிங் மேசையில. மூணுக்கும் ஒரே முகவரி, பார்த்தா ஒண்ணு போலவே இருக்கும். டேப் ஒட்டி, நிறுத்து, லேபிள் அடிச்சு, ஒட்டின பிறகுதான் அடுத்த பெட்டி. மூணு லேபிளையும் சேர்த்து அடிக்காதீங்க.

நஸ்ரீன்: எனக்கு எடை பிரச்சினை இல்ல, கேஷ் ஆன் டெலிவரி. மூணு பெட்டியில பணம் எதுல போடறது?

செந்தில்: முதல் பெட்டியில முழுசும்.

தர்மா: எது முதல்ல போய்ச் சேரும்னு நம்ம கையில இல்லையே. பணம் இல்லாத பெட்டி முன்னாடி போனா வாங்கிட்டு, மத்ததைத் திருப்பிடலாம். நான் அந்தந்தப் பெட்டியில இருக்கிற சரக்குக்குத் தனித்தனியா போடுவேன். ஆனா கூரியர் பெட்டிக்கொரு வசூல் கட்டணம் போடும்.

நஸ்ரீன்: 400 ரூபாய் ஆர்டருக்கு அது கட்டுப்படியாகாது.

கோமதி: 7.5 இருக்கிற எண் கிடைச்சுது. தளத்துல "டெலிவரி ஆச்சு"ன்னு காட்டுறது அண்டா மட்டும்தான். விளக்கும் தட்டும் இன்னும் வழியில.

தர்மா: அப்போ ஆர்டரை மூடாதீங்க. மூணு வரியும் முடிஞ்ச பிறகு மூடலாம்.