பிட்காயினின் சந்தை விலையை, காயின்கள் கடைசியாக நகர்ந்த விலைகளின் சராசரியான ரியலைஸ்டு பிரைஸால் வகுத்தால் வருவது எம்விஆர்வி. 2022-ல் அது 1-க்குக் கீழே போனபோது நீங்கள் பார்த்தது என்ன?

செல்வம்: எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் விழுந்த நவம்பரில் பிட்காயின் 16,000 டாலர் பக்கம் வந்தது. ரியலைஸ்டு பிரைஸ் அப்போது ஏறக்குறைய 20,000. வகுத்தால் 0.8. வைத்திருக்கும் எல்லோருமே நஷ்டத்தில் இருக்கிறார்கள், இனி விற்க ஆள் இல்லை என்று முடிவுசெய்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன். நீங்கள்?

கீதா: வாங்கிய நேரம் நல்ல நேரம்தான் செல்வம், ஆனால் எல்லோரும் நஷ்டத்தில் இல்லை. ஒவ்வொரு காயினுக்கும் அது கடைசியாக நகர்ந்த நாளின் விலையைப் போட்டுக் கூட்டி, மொத்தக் காயின்களால் வகுத்து வருவதுதான் அந்த 20,000. 2016-ல் 500 டாலருக்கு வாங்கி அசைக்காமல் வைத்திருப்பவருக்கு 16,000-உம் பெரிய லாபம். அந்த நவம்பரிலும் சுமார் பாதிக் காயின்கள் லாபத்தில்தான் இருந்தன.

இன்னொன்று, விலை ஜூனிலேயே ரியலைஸ்டு பிரைஸ் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. இடையில் கொஞ்ச காலம் மேலே ஏறி, ஆபத்து கழிந்தது என்று பலரை நம்பவைத்து, மறுபடி விழுந்தது. திடமாக ஏறியது 2023 ஜனவரியில். 1-க்குக் கீழே என்றால் மறுநாளே அடிமட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ராஜ்குமார்: நான் 2021-ல 60,000 டாலர் ரேட்டுல வாங்கினேன், இன்னும் எக்ஸ்சேஞ்ச்லயேதான் கிடக்கு. என்னோட எம்விஆர்வி எவ்வளவுன்னு ஆப்ல எங்கயும் காட்டலையே?

கீதா: அது தனி ஆளுக்கான கணக்கு இல்லை அண்ணா. உங்கள் லாப நஷ்டத்துக்கு வாங்கிய விலையே போதும். ஆனால் நீங்கள் சொன்னதில் முக்கியமான விஷயம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சுக்குள் நடந்த அந்த வாங்கல் அவர்களுடைய கணக்கேட்டில்தான் பதிவானது, பிளாக்செயின் சங்கிலியில் ஏறவே இல்லை. எஃப்டிஎக்ஸ் பயத்தில் 16,000-ல் அதைச் சொந்த வாலட்டுக்கு மாற்றியிருந்தால், சங்கிலி அதை 16,000-க்கு வாங்கிய காயினாகவே எழுதியிருக்கும். காயினுக்கு 44,000 டாலர் என்ற உங்கள் நஷ்டம் இந்த அளவுகோலில் இல்லாமலே போயிருக்கும். அந்த மாதம் ஏராளமானோர் அப்படித்தான் எடுத்தார்கள். ரியலைஸ்டு பிரைஸ் இறங்கியதில் நஷ்டத்துக்கு விற்றவர்களோடு இவர்களுடைய பங்கும் கலந்திருக்கிறது.

ராஜ்குமார்: அப்போ நான் விக்காமலே வித்த கணக்கா? சரி, இப்போ எடுக்கலாமா வேண்டாமா?

முருகேசன்: பத்திரத்துக்காக எடுங்கள், இந்தக் கணக்குக்காக வேண்டாம்.

உச்சத்தைப் பற்றி என் அனுபவம். 2013, 2017 இரண்டிலும் எம்விஆர்வி 4-ஐத் தாண்டிய பிறகுதான் சரிவு வந்தது. அதை நம்பி 2021 நவம்பரில் காத்திருந்தவர்கள் பலரை நான் அறிவேன். விலை 69,000 டாலரைத் தொட்டபோதும் விகிதம் 3-ஐ எட்டவில்லை. 1 என்ற கீழ்க்கோட்டை நம்பும் அளவுக்கு 4 என்ற மேல்கோட்டை நான் நம்புவதில்லை.

செல்வம்: சந்தை பெரிதாகப் பெரிதாக உச்சம் தாழ்கிறது என்பார்களே?

கீதா: இருக்கலாம். ஆனால் கையில் உள்ளது மூன்று நான்கு உச்சங்கள்தான், அதை வைத்து விதி எழுத எனக்குத் துணிவில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் பிட்காயினையே வாங்கி வைத்து, பங்குச் சந்தையில் பங்காக விற்கும் ஈடிஎஃப் நிதிகள் வந்த பிறகு சிக்கல் இன்னும் கூடிவிட்டது. பங்கு கைமாறுகிறது, காயின் அதைப் பாதுகாத்து வைக்கும் கஸ்டோடியனிடம் அப்படியே கிடக்கிறது. ராஜ்குமார் அண்ணாவின் கதைதான், பல மடங்கு பெரிதாக.

முருகேசன்: நிதிக்குள் புதிதாகப் பணம் வரும்போது காயின் நகருமே, அதாவது பதிவாகாதா?

கீதா: பதிவாகும். பழைய பங்கை ஒருவர் இன்னொருவருக்கு விற்பதுதான் பதிவாகாது. இரண்டில் எது பெரியது என்று பிரித்துப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.