இன்டர்ன்ஷிப் கடைசி நாள் மெயில்: அனுப்பும் முன்னாடியே கணக்கை மூடிட்டாங்க. உங்க அனுபவம்?

நிலா_ஈரோடு

போன வெள்ளிக்கிழமையோட என் ஆறு மாச இன்டர்ன்ஷிப் முடிஞ்சது. பெருங்குடியில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, டீம்ல பதினோரு பேர். வியாழக்கிழமை ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து விடைபெறும் மெயிலை எழுதினேன். ஒவ்வொருத்தர் பேரையும் போட்டு, அவங்ககிட்ட என்ன கத்துக்கிட்டேன்னு ஒரு வரி. கீழே நான் பாதியில விட்டுட்டுப் போற ரெண்டு வேலை பத்தின விவரம். எழுதி Drafts-ல வச்சுட்டேன். கடைசி நாள் மெயிலை கிளம்பும்போதுதானே அனுப்புவாங்க, சாயங்காலம் ஐந்தரைக்கு அனுப்பலாம்னு கணக்கு.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டுட்டு வந்து உட்கார்றதுக்குள்ள ஐடி டெஸ்க்ல கூப்பிட்டாங்க. லேப்டாப், சார்ஜர், ஹெட்செட் எல்லாம் மூணு மணிக்குக் கொடுத்துட்டேன். நாலு மணிக்கு கேக் வெட்டினாங்க. கேக் வாயில இருக்கும்போதே போன்ல ஆபீஸ் மெயிலைத் திறந்தா, மறுபடி பாஸ்வேர்டு கேக்குது. போட்டாலும் உள்ளே விடல.

ரூமுக்குப் போற பஸ்ல டீம் வாட்ஸ்அப் குரூப்புல ஞாபகத்துல இருந்ததை அடிச்சு அனுப்பினேன். அதுல டெஸ்டிங் அக்கா பேரை விட்டுட்டேன். நான் எதையாவது உடைச்சா முதல்ல என் சீட்டுக்கு வந்து மெதுவா சொல்லிட்டு, சரிபண்ண அரை மணி நேரம் கொடுத்துட்டு, அப்புறம்தான் பிழைன்னு டிக்கெட் போடுவாங்க. அவங்க பேரைப் போய் விட்டிருக்கேன். "ஆல் தி பெஸ்ட் மா"ன்னு மட்டும் பதில் போட்டாங்க. மூணு நாளா மனசே சரியில்ல.

திருச்சி_கோபி

அட, Schedule send இருக்கும்போது எதுக்குங்க இந்தப் பாடு? காலையிலயே சாயங்காலம் ஆறு மணிக்குன்னு நேரம் குறிச்சு வச்சா, லேப்டாப்பைக் கொடுத்தாலும் அது பாட்டுக்குப் போயிடும். மெயில் சர்வர்லதானே இருக்கு.

மாடிப்படி

கோபி, பாதி சரி. ஜிமெயில்ல நேரம் குறிச்சது சர்வர்ல காத்திருக்கும், கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தாலும் போகும். ஆனா கணக்கையே நிறுத்திட்டா அனுப்புறதுக்கு ஆள் ஏது? பழைய அவுட்லுக்ல இன்னும் மோசம், தள்ளிப்போட்ட மெயில் பல நேரம் உங்க மெஷின்ல Outbox-லயே உட்கார்ந்திருக்கும். அவுட்லுக் திறந்திருந்தாத்தான் கிளம்பும்.

ஒன்பது வருஷமா ஐடி சப்போர்ட்ல இருக்கேன், இந்தக் கணக்குகளை மூடுற கை என் கைதான். நிலா, யாரும் உங்க மேல கோபப்பட்டு மூடல. எச்.ஆர். உங்க கடைசி தேதியைப் பதிவு பண்ணினதும் எங்களுக்கு ஒரு டிக்கெட் வரும். நேரம் எதுவும் குறிக்கலேன்னா, மெஷின் கைக்கு வந்ததும் நாங்க மூடிடுவோம். வெள்ளிக்கிழமைன்னா வேற பத்து பேர் வரிசையில நிப்பாங்க, அஞ்சு மணி வரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டோம். முந்தின நாளே மேனேஜர் "ஆறு மணிக்கு மூடுங்க"ன்னு ஒரு வரி டிக்கெட்ல எழுதினா, பெரும்பாலும் கேட்போம்.

அதனால நான் எல்லா இன்டர்ன்கிட்டயும் சொல்றது, கடைசி நாள் காலை பதினோரு மணிக்குள்ள அனுப்பிடுங்க. அப்ப எல்லாரும் சீட்ல இருப்பாங்க, எழுந்து வந்து பேசுவாங்க. ஐந்தரைக்கு அனுப்பினா திங்கட்கிழமை படிப்பாங்க, பதில் போட்டா மூடின கணக்குல முட்டித் திரும்பும்.

இன்னொண்ணு, நன்றியையும் வேலை விவரத்தையும் ஒரே மெயில்ல போட்டதுதான் உங்க நிஜமான சிக்கல். வேலை விவரம் புதன்கிழமையே மேனேஜருக்கும் மென்டாருக்கும் தனியா போயிருக்கணும். அவங்களுக்குச் சந்தேகம் இருந்தா கேட்க ரெண்டு நாள் கிடைக்கும். எங்க ஆபீஸ் பையன் ஒருத்தன் அனுப்பினதைத் தமிழ்ல சொல்றேன், அவ்வளவுதான் இருந்துச்சு:

"தினசரி ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் முடிந்தது, டீம் ஃபோல்டரில் இருக்கிறது. காலை ஏழு மணிக்குத் தானாக ஓடும். மாத முதல் தேதியில் மட்டும் காலியான ஃபைல் வருகிறது, காரணம் இன்னும் பிடிபடவில்லை. லாகின் பக்கத் திருத்தம் பாதியில் நிற்கிறது, என் கோட் கிளையில் இருக்கிறது, மெயின் கோடில் இன்னும் சேர்க்கவில்லை. ஸ்கிரிப்ட் என் பெயரில் ஓடுவதால் வெள்ளிக்கிழமைக்குள் வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும்."

கடைசி வரியைப் பாருங்க. அது இல்லாம போன பசங்க பல பேர். கணக்கை மூடினதும் அவங்க பேர்ல ஓடின எல்லாம் படுத்துடும், மறுநாள் காலையில எனக்குத்தான் போன் வரும்.

டாக்டர்_அல்ல_இன்னும்

எனக்கு மெயில் கதையே கிடையாது. நான் அரசு மருத்துவக் கல்லூரியில ஹவுஸ் சர்ஜன், இப்பதான் முடிச்சேன். எங்களுக்கு ஒரு வருஷத்துல பத்துப் பதினைஞ்சு கடைசி நாள் வரும், ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் ஒண்ணு.

மெடிசின் முடிஞ்ச அன்னிக்கு யூனிட் குரூப்புல நீளமா நன்றி எழுதினேன். சீஃப்புக்கு, அசிஸ்டன்ட்டுகளுக்கு, பி.ஜி. அக்காவுக்கு. அக்கா தனியா கூப்பிட்டு, "நன்றி எல்லாம் சரி, 14ஆம் பெட்டுக்குச் சாயங்காலம் பொட்டாசியம் திரும்பப் பார்க்கணும்னு அடுத்த பேட்ச்சுக்கு யார் சொன்னது?"ன்னாங்க. நான் சொல்லல. நல்லவேளை, சிஸ்டர் நோட்டுல இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் விடைபெற்ற முறையே வேற. வர்ற ஆளைக் கூட்டிக்கிட்டு ஒவ்வொரு பெட்டா நடந்து காட்டுவேன். நன்றியை நைட் சிஸ்டருக்கும் வார்டு ஆயாவுக்கும் நேர்ல போய்ச் சொல்லுவேன். அவங்க எந்தக் குரூப்புலயும் இல்லையே.

அம்பத்தூர்_ரவி

எனக்கு நோட்டீஸ் பீரியட் மூணு மாசம், ரிலீவிங் லெட்டர் இன்னும் தரல. மெயில்ல அதையும் கேட்கலாமா?

மாடிப்படி

ரவி, அது வேற கதை. விடைபெறும் மெயில்ல பாக்கி கேட்காதீங்க, எச்.ஆருக்குத் தனியா எழுதுங்க. இன்டர்ன் பசங்களும் சர்டிபிகேட் எந்த மெயில் ஐடிக்கு வரணும்னு எச்.ஆர்.கிட்ட சொந்த ஐடியைக் கொடுத்துட்டுக் கிளம்பணும். ஆபீஸ் ஐடிக்கு அனுப்பிட்டா யார் பார்க்கிறது?

மல்லி

நான் மூணாயிரம் பேர் இருக்கிற டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்ட்டுக்கு அனுப்பினவ. டீம் லிஸ்ட்டும் ஆபீஸ் லிஸ்ட்டும் பேர்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். முகமே தெரியாத ஆளுங்க எல்லாருக்கும் வாழ்த்து போட்டாங்க, அப்புறம் "என்னை இதிலிருந்து எடுங்க"ன்னு இன்னும் அம்பது பேர். அதுவும் எல்லாருக்கும். இப்ப யார் கேட்டாலும், பேர்களை Bcc-ல போடுன்னுதான் சொல்றேன்.

எனக்கு ஒரு சந்தேகம். இன்டர்ன்ஷிப் பண்ற கம்பெனியிலேயே வேலை தர்றாங்களான்னு இன்னும் தெரியாத நேரத்துல, "மறுபடி இங்கே வர ஆசை"ன்னு எழுதலாமா? நான் எழுதினேன். மென்டார் அண்ணா நல்லா இருக்குன்னார், மேனேஜர் கெஞ்சுற மாதிரி இருக்குன்னார்.

திருச்சி_கோபி

கண்டிப்பா எழுதணும். கேட்டாத்தானே கிடைக்கும்.

மாடிப்படி

எனக்கு அது பிடிக்காது. கேட்கணும்னா மேனேஜர்கிட்ட நேர்ல கேட்கலாம். பதினோரு பேர் படிக்கிற இடத்துல போட்டா அவர் என்ன பதில் சொல்வார்? ஆனா இது என் கருத்து, வேலை கிடைச்சவங்க வேற மாதிரி சொல்வாங்க.

நிலா, அந்த டிராஃப்ட் உடனே அழிஞ்சுடாது. உங்க மேனேஜர் ஐடி டெஸ்க்ல கேட்டா எடுத்துத் தர வாய்ப்பிருக்கு. வேலை விவரத்துக்காகவாவது கேட்கச் சொல்லுங்க.

நிலா_ஈரோடு

இன்னிக்குக் காலையில மென்டார் அண்ணாவே போன் பண்ணினார். ரிப்போர்ட் வரல, ஸ்கிரிப்ட் எங்கேன்னு. மாடிப்படி சொன்ன அதே கதை, என் பேர்லதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஃபோல்டர் இருக்கிற இடத்தைச் சொன்னேன், டிராஃப்ட் பத்தியும் சொன்னேன். ஐடி டெஸ்க்ல கேட்கிறேன்னார்.

டெஸ்டிங் அக்காவுக்கு நேரா போன் போட்டேன். பேர் விட்டதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, "அதை விடு, நீ பாதியில விட்ட அந்த லாகின் பக்கத்துல ரெண்டாவது தடவை பட்டனை அமுக்கினா என்ன ஆகும்னு பார்த்தியா?"ன்னு கேட்டாங்க. பார்க்கலைன்னேன். "தெரியும், டிக்கெட் போட்டுட்டேன்"னாங்க.