கஸ்டம்ஸில் நிற்கும் பார்சல்: வீட்டிலிருந்து வந்த சாமானுக்கு பில் கேட்கிறார்கள்

கவிதா: அண்ணன் தபாலில் அனுப்பிய பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறதாம். அடையாளச் சான்றும் வாங்கிய பில்லும் அனுப்பச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. உள்ளே ஒரு புது வாட்ச், டெய்லரிடம் தைத்த துணிகள், என் பழைய பாடப் புத்தகங்கள். வாட்ச் பில் அண்ணன் பேரில் இருக்கிறது, மற்றதற்கு பில்லே கிடையாது. பார்சல் மேல் "கே. கவிதா" என்று எழுதியிருக்கிறான், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. என்ன அனுப்புவது?

ரகு: கிஃப்ட்னு சொல்லிடுங்க, கிஃப்ட்டுக்கு பில் வேண்டாம். ரொம்பக் கேட்டா வேர்டில் ஒரு பில் அடிச்சு அனுப்பிடுங்க. என் ஃப்ரெண்ட் அப்படித்தான் எடுத்தான்.

சுந்தரம்: கொரியர் கம்பெனியில் கிளியரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவன் நான். ரகு தம்பி, கிஃப்ட்டுக்கு ஒரு மதிப்பு வரை பல நாடுகளில் வரிச்சலுகை உண்டு, அதுவரை நீங்கள் சொல்வது சரி. அந்த மதிப்புக்குள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தானே பில் கேட்கிறார்கள்? போலி பில் மட்டும் வேண்டவே வேண்டாம். வாட்ச் மாடலை நெட்டில் தேடினால் விலை தெரிந்துவிடும். வரியோடு முடிய வேண்டியது பொய் ஆவணக் கேஸாகிவிடும்.

கவிதா, முதலில் அந்த மெயில் நிஜம்தானா என்று பாருங்கள். தபால் பார்சல் எண்ணில் 2 எழுத்து, 9 இலக்கம், மறுபடி 2 எழுத்து இருக்கும். மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல் தபால் துறை தளத்துக்கு நீங்களே போய் எண்ணைப் போடுங்கள். அங்கேயும் கஸ்டம்ஸில் நிற்பதாகக் காட்ட வேண்டும். கார்டு எண்ணோ ஓடிபியோ கேட்டால் அது திருட்டு மெயில்தான். பிறகு அண்ணனிடம், உள்ளே என்ன, மதிப்பு என்ன என்று கஸ்டம்ஸுக்கு எழுதிக் கொடுக்கும் சிஎன் 23 படிவத்தின் நகலை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கவிதா: தளத்திலும் அப்படித்தான் காட்டுகிறது. படிவத்தில் "கிஃப்ட் சாமான்கள்" என்று ஒரே வரி, அங்கிள். மதிப்பு வாட்ச் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வரி வரக்கூடாதுன்னு குறைச்சுப் போட்டானாம்.

சுந்தரம்: அதனால்தான் நின்றிருக்கும். என்னென்ன என்று பிரிக்காமல் எழுதினாலே சந்தேகம் வரும். இனி ஒரு கடிதம் எழுதி, மூன்று சாமானையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். படிவத்தில் மதிப்பு தவறு, சரியானது இதுதான் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். வரி வரலாம், கட்டித்தான் ஆகவேண்டும்.

வாட்ச்சுக்கு அண்ணன் பேரில் உள்ள பில்லே போதும். வாங்கி அனுப்பியவர் அவர், உறவு இன்னது என்று எழுதுங்கள். பணம் கட்டியது தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அந்த ஒரு வரியை விட்டு மற்றதை மறைத்து இணையுங்கள். பில்லில் உள்ள கரன்ஸியிலேயே எழுதுங்கள், மாற்றுவது அவர்கள் வேலை. புத்தகங்கள் பயன்படுத்தியவை, பில் இல்லை, இன்று விற்றால் இவ்வளவு போகும் என்று எழுதி, பழசு என்று தெரிகிற மாதிரி போட்டோ இருந்தால் வையுங்கள். துணிக்கு டெய்லர் சீட்டு இருந்தால் அது.

அடையாளத்துக்கு பாஸ்போர்ட் போட்டோ பக்கம். நகலின் குறுக்கே "இந்தப் பார்சல் எண்ணின் கஸ்டம்ஸ் தேவைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். பெயர், எண், படம் மறையக்கூடாது. இனிஷியல் 'கே' என்பது பாஸ்போர்ட்டில் உள்ள அப்பா பெயரின் முதல் எழுத்து என்று கடிதத்திலேயே ஒரு வரி. முகவரி பொருந்த வாடகை ஒப்பந்தமும் சேர்த்து அனுப்புங்கள். நம் ஆட்களின் பார்சல் இந்த இனிஷியலில் மாட்டுவது நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாஸ்: எனக்கும் இதேதான் சார். ஷாப்பிங் தளத்தில் வாங்கும்போதே வரி கட்டிட்டேன், மறுபடியும் கேக்கறாங்க. நானும் கடிதம் எழுதணுமா?

சுந்தரம்: உங்களுடையது வேற தம்பி. வரி பிடித்தது தெரிகிற ஆர்டர் ரசீதை அனுப்புங்கள். விற்றவர் தன் வரிப் பதிவு எண்ணை பார்சல் விவரத்தோடு அனுப்பாமல் விட்டிருக்கலாம், அவரிடமும் கேளுங்கள்.

கவிதா: டெய்லரிடம் சீட்டு கேட்டு அண்ணன் போயிருக்கான். அதுவரை பொறுக்கலாமா?

சுந்தரம்: மெயிலில் உள்ள கெடு தேதி தாண்டக்கூடாது. கொரியரில் நாள் கணக்கில் கிடங்கு வாடகை ஏறும். தபாலில் பெரும்பாலும் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். ஆனால் அனுப்பும்போது, சேர்க்க முடியாவிட்டால் திருப்பு அல்லது கைவிடு என்று டிக் செய்யும் கட்டம் படிவத்தில் இருக்கும். அண்ணன் எதை டிக் செய்தார் என்று கேளுங்கள். 'கைவிடு' என்றால் திரும்பியும் வராது. கையில் உள்ளதை இன்றே அனுப்பி, சீட்டு பின்னால் வரும் என்று எழுதுங்கள். மெயிலில் உள்ள கேஸ் எண்ணை சப்ஜெக்டில் அப்படியே போடுங்கள்.

கவிதா: அனுப்பிட்டேன். வாட்ச்சும் பாஸ்போர்ட்டும் சரியாம், துணிக்கு மட்டும் திரும்பக் கேக்கறாங்க. டெய்லர் சீட்டு வந்தது. தமிழ்ல கையால எழுதினது, தேதியே இல்லை.

ரகு: தேதியை நீங்களே போட்டுடுங்க!

சுந்தரம்: தம்பி, மறுபடியுமா? டெய்லரே தேதியும் தொகையும் போட்டு வேறு சீட்டு தரட்டும். கீழே கஸ்டம்ஸ்காரர்களின் மொழியில் மொழிபெயர்ப்பு எழுதுங்கள். ஏற்பதும் ஏற்காததும் அந்த அதிகாரி கையில்.

நிர்மலா: எனக்கு அந்த மாதிரி சீட்டை ஏத்துக்கலை. அவங்களே ஒரு மதிப்பு போட்டு வரி போட்டாங்க. துணி விலை பார்த்தா சண்டை போட வேண்டாம்னு கட்டிட்டேன்.

கவிதா: அப்படி அவங்க போட்ட மதிப்பை எதிர்த்து மனு கொடுத்து யாராவது ஜெயிச்சிருக்கீங்களா?