ஜனவரியில் ஏற்றிய வாடகை ரசீது, பிப்ரவரியில் பிடித்த 19,110 ரூபாய்

வேளச்சேரி வாடகைக்காரி

2024-25 நிதியாண்டில் எனக்கு நடந்தது இது. பிப்ரவரி சம்பளம் வந்த அன்று வங்கி மெசேஜைப் பார்த்தால் வழக்கத்தைவிட 17 ஆயிரத்துச் சொச்சம் குறைவு. அலுவலகப் போர்ட்டலில் பேஸ்லிப்பைத் திறந்தேன். மாதா மாதம் 1,638 ரூபாய் வருமான வரி பிடித்த இடத்தில் 19,110 என்று இருந்தது. மார்ச்சிலும் அதே தொகைதான் என்றார்கள். வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, சீட்டுப் பணம் எல்லாம் அந்த ஒரு சம்பளத்தை நம்பித்தான் இருந்தன.

காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. ஏப்ரலிலேயே பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்து, மாத வாடகை 18,000 என்று போட்டிருந்தேன். ஜனவரி 18 அன்று ரசீதுகள், ஒப்பந்தம், வீட்டுக்காரரின் பான் அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். போன் ஆப்பில் `Submitted` என்று பச்சையில் காட்டியது. வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

ஆனால் 22ஆம் தேதியே வாடகையை நிராகரித்திருக்கிறார்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் பார்த்தால்தான் `Declared`, `Approved` என்று இரண்டு கட்டங்கள் தெரிகின்றன. முதல் கட்டத்தில் 2,16,000, இரண்டாவதில் 0. பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம். அதன்மேல் மவுசை வைத்தால் `Landlord name mismatch with PAN` என்று வருகிறது. போனில் அந்த வட்டமே இல்லை.

வீடு வீட்டுக்கார அம்மாவின் பெயரில் இருக்கிறது, ஒப்பந்தமும் அவர் பெயரில்தான். ரசீதில் கையெழுத்துப் போட்டதும் பான் அட்டை கொடுத்ததும் அவர் கணவர். மூன்று வருடமாக அவர் கையில்தான் வாடகை கொடுக்கிறேன், அதனால் எனக்கு அது தோன்றவேயில்லை. திருத்தி ஏற்ற ஜனவரி 27 முதல் 31 வரை இன்னொரு வாய்ப்பும் கொடுத்திருந்தார்கள். அந்த அறிவிப்பும் போர்ட்டலுக்குள் மணிச் சின்னத்தில் மட்டும்தான் வந்திருந்தது.

அண்ணாநகர்க்காரன்

இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? வருமான வரிக் கணக்கு, அதான் ஐ.டி.ஆர். போடும்போது எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடலாம். நான் நாலு வருடமாகப் போர்ட்டலில் எதையும் ஏற்றுவதே இல்லை. பிடித்த வரி ஆகஸ்டில் மொத்தமாக வந்துவிடுகிறது.

பேரோலில் 14 வருடம்

தம்பி சொல்வது பாதி சரி. வீட்டு வாடகைப் படி, 80சி சேமிப்புகள், 80டி மருத்துவக் காப்பீடு போன்றவற்றை நிறுவனத்திடம் காட்டாவிட்டாலும் ஐ.டி.ஆரில் கோரலாம். எல்.டி.ஏ. என்கிற விடுமுறைப் பயணப் படி அப்படியில்லை. பயணச் சீட்டுகளை நிறுவனத்திடம் கொடுக்காவிட்டால் அந்தத் தொகை வரி பிடித்துச் சம்பளத்தோடு வந்துவிடும். அதன்பிறகு ஐ.டி.ஆரில் கேட்கலாமா கூடாதா என்பதில் ஆடிட்டர்களே ஒருமித்துச் சொல்வதில்லை. அப்புறம், மாதச் சம்பளத்தில் 17 ஆயிரம் குறைவதை எல்லோராலும் ஆகஸ்ட் வரை தாங்க முடியாது.

வேளச்சேரித் தங்கை, உங்கள் அடிப்படைச் சம்பளமும் வாடகைப் படியும் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வேளச்சேரி வாடகைக்காரி

அடிப்படை 40,000, வாடகைப் படி 20,000, மற்றவை 15,000. 80சி ஒன்றரை லட்சம் அங்கீகரித்துவிட்டார்கள் அண்ணா.

பேரோலில் 14 வருடம்

சரி. தொழில் வரியை விட்டுவிட்டுப் போடுகிறேன். சென்னை என்பதால் அடிப்படையில் 50 சதவீதம், அதாவது வருடத்துக்கு 2,40,000. நீங்கள் வாங்கிய படியும் 2,40,000. கொடுத்த வாடகை 2,16,000, அதில் அடிப்படையின் 10 சதவீதமான 48,000ஐக் கழித்தால் 1,68,000. இந்த மூன்றில் குறைந்ததுதான் விலக்கு, ஆக 1,68,000.

வருடச் சம்பளம் 9 லட்சம். நிலையான கழிவு 50,000, 80சி ஒன்றரை லட்சம் போக 7 லட்சம். வாடகை விலக்கும் கிடைத்தால் 5,32,000, அதற்கு வரி செஸ்ஸோடு 19,656. விலக்கு போனால் 54,600. ஜனவரி வரை பத்து மாதத்தில் உங்களிடம் பிடித்தது 16,380. மீதி 38,220 ரூபாயை இரண்டே மாதத்தில் பிடித்தாக வேண்டும். அதுதான் அந்த 19,110. மென்பொருள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். அந்த வருடம் இதே சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் 33,800தான் வரி. வாடகை விலக்கு இருக்கும்வரை உங்களுக்குப் பழைய முறை லாபம், அது போனதும் பெரிய நஷ்டம். வருட நடுவில் முறையை மாற்றப் பெரும்பாலான போர்ட்டல்கள் விடாது. ஐ.டி.ஆரில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. பழைய முறையிலேயே வாடகையைக் காட்டினால் 34,944 ரூபாய் திரும்ப வரும்.

வீட்டுக்கார அம்மாவிடமே புதிதாக ரசீதில் கையெழுத்து வாங்குங்கள், பானும் அவருடையதாக இருக்கட்டும். இனிமேல் வாடகையை அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். நிறுவனம் தரும் வரிச் சான்றிதழான ஃபார்ம் 16இல் இல்லாத விலக்கைக் கேட்கும்போது பிறகு கேள்வி வரலாம், அப்போது காட்டுவதற்கு இதெல்லாம் வேண்டும்.

நைட் டியூட்டி நர்ஸ்

எனக்கும் பேஸ்லிப்பில் பணம் குறைந்தது, ஆனால் லீவினால். நவம்பரில் இரண்டு நாள் லீவு போர்ட்டலில்தான் போட்டேன். மாதக் கடைசி வரை `Pending` என்றே இருந்தது. கடைசியில் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். லீவு கணக்கில் 9 நாள் பாக்கி இருந்தது! இதையும் ஐ.டி.ஆரில் கேட்கலாமா?

பேரோலில் 14 வருடம்

அம்மா, அது வரி இல்லை, உங்கள் சம்பளம். ஐ.டி.ஆரில் வராது, மருத்துவமனைதான் தர வேண்டும். அந்த லீவைத் திறந்து, ஒப்புதல் யாரிடம் நிற்கிறது என்று பாருங்கள்.

நைட் டியூட்டி நர்ஸ்

பார்த்தேன் சார். அக்டோபரில் வேலையை விட்டுப்போன பழைய இன்சார்ஜ் பெயர்தான் இருக்கிறது.

பேரோலில் 14 வருடம்

நினைத்தேன். ஆள் போனதும் அவருக்குக் கீழே இருந்தவர்களைப் புதிய இன்சார்ஜுக்கு மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். இன்னும் சிலருக்கும் இதே மாதிரி ஆகியிருக்கும், விசாரியுங்கள். எச்.ஆரில் பெயரை மாற்றச் சொல்லி, லீவுக்கு ஒப்புதல் வாங்கினால் அடுத்த மாதப் பேஸ்லிப்பில் அந்த இரண்டு நாள் சம்பளம் அரியராக வரும். திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி மகன்

நான் அம்மாவுக்கு மாதம் 8,000 வாடகை கொடுக்கிறேன், வீடு அவர் பெயரில். வருடத்துக்கு 96,000தான். ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் பான் வேண்டும் என்று படித்தேன். அம்மாவுக்குப் பான் கிடையாது. ஆனால் போர்ட்டலில் பான் கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், நிரப்பாமல் சேமிக்க விடவில்லை. என் பானையே போட்டுவிடலாமா?

பேரோலில் 14 வருடம்

கூடவே கூடாது. வாடகை கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பான் என்றால் உடனே நிராகரிப்பார்கள். ஒரு லட்சம் பற்றி நீங்கள் படித்தது சரிதான், கட்டாயம் என்று வைத்தது உங்கள் நிறுவனத்தின் அமைப்பு. எச்.ஆருக்கு டிக்கெட் போடுங்கள்.

திருச்சி மகன்

போட்டு ஆறு நாள் ஆகிறது. “ஃபைனான்ஸ் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்” என்ற பதிலோடு நிற்கிறது. ரசீது ஏற்றும் கெடு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

வேளச்சேரி வாடகைக்காரி

தம்பி, வெள்ளிக்கிழமைக்குள் மெயிலிலும் எழுதி வையுங்கள், தேதியாவது பதிவாகும்.

என் கதையின் மீதி: வீட்டுக்கார அம்மாவிடம் போனதும் தயங்காமல் பன்னிரண்டு ரசீதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜூனில் ஃபார்ம் 16 வந்ததும் ஐ.டி.ஆர். போட்டேன். வேலை பார்க்கும் ஊர், வாங்கிய படி, கொடுத்த வாடகை என்று தனித்தனியாகக் கேட்டது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பணம் வந்தது. அம்மாவின் மருந்துக்குத் தோழியிடம் வாங்கிய கடனை அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.