கேஸ் பிரசன்டேஷனில் ‘இல்லை’களை எங்கே சொல்வது?

நாளை ரவுண்ட்ஸில் கேஸ் சொல்ல வேண்டும். சீனியர்கள் உதவுங்கள்.

45 வயது ஆண். 10 நாளாகக் காய்ச்சல், வலப்பக்க நெஞ்சுவலி, 5 நாளாக மூச்சுத்திணறல். தொந்தரவு, அதன் போக்கு, பழைய நோய்கள், குடும்பம், பழக்கங்கள் என்று வரிசையாகப் போகிறேன். பரிசோதனையில் மூச்சுக்குழாய் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. வலக் கீழ்ப்பகுதியில் தட்டினால் கல்போல மந்தம், மூச்சொலி குறைவு. ஆகவே ப்ளூரல் எஃப்யூஷன், முதல் சந்தேகம் காசநோய். திட்டம் எக்ஸ்ரே, அப்புறம் ஊசியால் நீரெடுத்து புரதம், எல்டிஹெச், செல் எண்ணிக்கை, ஏடிஏ.

படுத்தால் திணறல் இல்லை, கால்வீக்கம் இல்லை. இதயச் செயலிழப்பைப் பின்தள்ளுவது இவைதான். இவற்றை நோயின் போக்கிலேயே சொல்லலாமா, நோயறிதலுக்குக் காரணம் காட்டும்போது சொல்வதா? இரண்டு இடத்திலும் சொன்னால் நீண்டுவிடுகிறது. உங்கள் யூனிட்டில் எப்படி?